வேலை தொடங்குவதற்கு முன் ஒரு கடிதம்: அட்வான்ஸும் அதுக்குப் பிறகு வரும் பில்லும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சுருக்கித் தொகுத்தது)

போன வாரம் வந்த மெயில்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "புது க்ளையன்ட்கிட்ட அட்வான்ஸ் எப்படிக் கேக்கறது? கேட்டா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு." அதனால இன்னைக்கு பொதுவா எதுவும் பேசப் போறதில்ல. நான் அனுப்பின ஒரு கடிதத்தையே படிச்சுக் காட்டி, அதுல ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு சொல்லப் போறேன்.

நான் இருக்கறது விழுப்புரத்துல. லேபிள், பாக்கெட், பை இதுக்கெல்லாம் டிசைன் பண்றது என் தொழில். க்ளையன்ட் இருக்கறது திண்டிவனத்துல, பஸ் ஏறினா ஒரு மணி நேரம். அண்ணன் தம்பி ரெண்டு பேர் பார்ட்னர்ஷிப்ல மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் பண்றாங்க. திண்டிவனத்துல எண்ணெய்னா முதல்ல கடலை எண்ணெய்தான். எங்க ஊர்ப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. டிஎம்வி 2, டிஎம்வி 7ன்னு கடலை ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த டிஎம்வியே திண்டிவனம்தான், அங்க இருக்கற எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தோட பேர். சரி, விஷயத்துக்கு வரேன்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். மூணுக்கும் லேபிள், ஒவ்வொண்ணும் மூணு அளவுல. மொத்தம் 60,000 ரூபாய்னு போன்லயே பேசி முடிஞ்சது. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதினதுதான் இந்தக் கடிதம். பேர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் எடுத்துட்டேன்.

"அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இன்று பேசியபடி மூன்று எண்ணெய்களுக்கும் லேபிள் வடிவமைப்பதற்கான மொத்தக் கட்டணம் ரூ.60,000. முன்பணமாக ரூ.24,000 வந்த மறுநாள் வேலையைத் தொடங்குவேன். இதில் 10,000 ரூபாய் தமிழ் எழுத்து வரைபவருக்கும் எழுத்துரு உரிமத்துக்கும் உடனே வெளியே போகும். மீதி முதல் இரண்டு வாரங்களுக்கான என் வேலைக்கூலி.

முன்பணம் வந்ததும் ரசீது அனுப்புவேன். அதன் பிறகு இரண்டு பில் வரும். முதல் பில், கடலை எண்ணெய் ஒரு லிட்டர் லேபிளின் இறுதி வடிவத்தை நான் அனுப்பும்போது. இரண்டாவது, மற்ற எட்டு லேபிள்களும் முடிந்து அச்சுக் கோப்புகள் தயாரானதும். ஒவ்வொரு பில்லின் மதிப்பும் ரூ.30,000. ஒவ்வொன்றிலும் முன்பணத்தில் ரூ.12,000 கழிக்கப்படும். ஆகவே நீங்கள் தர வேண்டியது ஒவ்வொரு முறையும் ரூ.18,000. பில் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் தந்தால் போதும். அச்சுக் கோப்புகளும் அவற்றின் உரிமையும் இரண்டாவது பில் முடிந்ததும் எழுத்துமூலம் உங்களுக்கு வரும்.

ஒவ்வொரு வடிவத்திலும் இரண்டு முறை திருத்தம் கேட்கலாம். நான் அனுப்பியதற்கு 7 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

முதல் மாதிரியை 15 நாட்களுக்குள் நான் தராவிட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவேன். நீங்கள் இடையில் நிறுத்தினால், செலவான தொகையும் செய்த வேலைக்கான பங்கும் போக மீதியை 7 நாட்களில் கணக்குடன் திருப்பித் தருவேன்.

நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. அதனால் பில்லில் வரி சேராது. டிடிஎஸ் பிடிப்பதாக இருந்தால் என் பான் எண் கீழே உள்ளது. பணத்தை வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

சம்மதம் என்றால் இந்தக் கடிதத்துக்கே ஒரு வரி பதில் எழுதினால் போதும்."

இவ்வளவுதான். ஒரு பக்கம் கூட வராது.

அந்த 24,000 எங்கிருந்து வந்தது?

நிறைய பேர் "50 பர்சன்ட் அட்வான்ஸ்"னு கண்ணை மூடிட்டுப் போட்டுடறாங்க. ஏன் 50ன்னு க்ளையன்ட் கேட்டா பதில் இருக்காது. நான் இப்படித்தான் கணக்குப் போடுவேன்: முதல் மாதிரி அவங்க கையில போய்ச் சேர்ற வரைக்கும் என் பாக்கெட்லேர்ந்து எவ்வளவு போகும்? எழுத்து வரையறவருக்கு 7,000. எழுத்துரு உரிமம் 3,000. ரெண்டு வாரம் நான் வேற வேலை எடுக்க முடியாது, அதுக்கு 14,000. கூட்டினா 24,000. அவங்க அன்னைக்கே காணாமப் போனாலும் நான் கடன்காரி ஆகாத தொகை அது. அதுக்கு மேல கேட்டா, என்னைப் பாக்காத மனுஷன் என்னை நம்பணும்னு கேக்கற மாதிரி ஆயிடும்.

இந்தக் கணக்கை நான் கத்துக்கிட்ட விதம் கொஞ்சம் காசு செலவான விதம். நாலு வருஷம் முன்னாடி உள்ளூர்ல ஒரு கடைக்கு பெயர்ப் பலகையிலேர்ந்து கவர் வரைக்கும் பண்ணிக் குடுத்தேன். 35,000 பேசி, அட்வான்ஸ் வாங்கல. தெரிஞ்சவங்கதானேன்னு விட்டேன். மூணு மாசத்துல 8,000 வந்துச்சு, அப்புறம் போனே எடுக்கல. அந்த எழுத்து வரைஞ்ச பையனுக்கு நான்தான் என் கையிலேர்ந்து குடுத்தேன். பஸ்ல போகும்போது அந்த போர்டு இன்னும் நல்லா பளிச்சுன்னு இருக்கு.

அட்வான்ஸ் எதை வாங்குது?

கடிதம் போன மறுநாள் காலையில அண்ணன் போன் பண்ணாரு. "ஏம்மா, வேலையே கண்ணுல பாக்கல, அதுக்குள்ள இருபத்தி நாலாயிரமா?"

நான் சொன்னேன், "அண்ணா, காட்டுக்காரங்ககிட்ட மல்லாட்டை பேசும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் சிரிச்சாரு. "அச்சாரம் குடுப்போம்."

அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமானது. கல்யாண மண்டபத்துக்கு அச்சாரம், நாதஸ்வரத்துக்கு அச்சாரம், நம்ம பக்கம் தெருக்கூத்து ஜமாவுக்கு வெத்தலை பாக்கோட அச்சாரம். அந்தத் தேதியை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அர்த்தம். நான் கேக்கறதும் அதேதான், ரெண்டு வாரம் உங்களுக்குன்னு ஒதுக்கறேன்.

ஆனா அட்வான்ஸுங்கற சொல்லுக்கு இந்த மாவட்டத்துல இன்னொரு முகமும் இருக்கு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிட்டு, கணக்கு எப்பவும் தீராம மாட்டிக்கிட்ட குடும்பங்களோட கதை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்கு என்ன பொருள்னு சொல்லித்தான் தன் விளக்கங்களையே தொடங்குது. நம்ம நிலைமை அது இல்ல, ரெண்டையும் ஒண்ணா வைக்கவே கூடாது. ஆனா "காசு குடுத்தாச்சு, இனி இது நம்ம ஆளு" அப்படிங்கற நெனப்போட ஒரு சின்ன வாசம் ராத்திரி பத்தரை மணி போன்லயும் பத்தாவது திருத்தத்துலயும் வரும். அதனாலதான் கடிதத்துல அட்வான்ஸ் என்ன வாங்குதுன்னு எழுதறேன். ரெண்டு வாரம், ரெண்டு திருத்தம்.

"திருப்பித் தரப்படாது"ன்னு நான் ஏன் போடலன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அப்படி எழுதறது சுலபம், ஆனா அது நிக்கறது கஷ்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்குது. 2015ல கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்குல, நஷ்டமே இல்லாதப்போ முன்பணத்தைப் பறிமுதல் பண்ண முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது டெல்லி வளர்ச்சி ஆணையத்தோட நில வழக்கு, நம்ம லேபிளைவிட ரொம்பப் பெரிசு. ஆனா தத்துவம் ஒண்ணுதான். செலவானதுக்குக் கணக்கு காட்டி எடுத்துக்கலாம். மிரட்டுறதுக்காக ஒரு வரி எழுதினா, புது க்ளையன்ட் பயந்து ஓடறதுதான் மிச்சம்.

அட்வான்ஸை எந்தப் பில்லுல கழிக்கறது?

இங்கதான் நான் ரொம்ப நாள் தப்பு பண்ணிட்டு இருந்தேன். அட்வான்ஸ் 24,000 வாங்கி, முதல் பில் 30,000ல அதை முழுசா கழிச்சுடுவேன். அவங்க 6,000 குடுத்தா போதும். சந்தோஷமா குடுத்துடுவாங்க. ஆனா அதுக்கப்புறம் மிச்ச வேலை முழுசும், 30,000 ரூபாய் வேலை, எந்தப் பிடிமானமும் இல்லாம நிக்கும். அட்வான்ஸ் வாங்கியும் வாங்காத மாதிரி.

மாத்தி, அட்வான்ஸை கடைசிப் பில் வரைக்கும் தொடாம வெச்சா எனக்கு ரொம்பப் பாதுகாப்பு. ஆனா பாதி வேலை முடியும்போது அவங்க 54,000 குடுத்திருப்பாங்க. கையில இருக்கறது ஒரே ஒரு லேபிள். அவங்க இடத்துல நான் இருந்தா ஒத்துக்க மாட்டேன்.

அதனால ரெண்டு பில்லுலயும் பாதிப் பாதி, 12,000 வீதம். பாதியில அவங்க குடுத்தது 42,000 ஆகும். கடைசியில எனக்கு வர வேண்டியது 18,000, அச்சுக் கோப்பு என் கையில. ரெண்டு பேருக்குமே கொஞ்சம் ஆபத்து இருக்கு, யாருக்கும் அதிகமா இல்ல.

பில்லுல இதை மூணு வரியா காட்டணும். வேலை மதிப்பு 30,000. கழிவு, முன்பணம், ரசீது எண், தேதியோட 12,000. தர வேண்டியது 18,000. முழு மதிப்பைக் காட்டாம வெறும் 18,000க்கு பில் போட்டா, ரெண்டு பில்லும் சேர்ந்து 36,000தான் வரும், அட்வான்ஸ் கணக்குல எங்கேயோ தொங்கும். இன்னொரு தப்பு, அட்வான்ஸுக்கே ஒரு பில் போட்டுட்டு அப்புறம் முழு மதிப்புக்கும் பில் போடறது. அப்போ 60,000 ரூபாய் வேலைக்கு 84,000 பில் இருக்கும். அதனால அட்வான்ஸ் கேக்கும்போது ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், வந்ததும் ரசீது, வேலை முடிஞ்சதுக்கு மட்டும்தான் பில்.

பில் எப்போ பிறக்கும்?

கடிதத்துல "நான் அனுப்பும்போது"ன்னு எழுதியிருக்கேன், கவனிச்சீங்களா? "நீங்கள் ஒப்புதல் தரும்போது"ன்னு எழுதல. எண்ணெய் லேபிள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் வேணும், எடை, விலை, முகவரி எல்லாம் வேணும். அது வரலன்னா லேபிள் முடியாது, ஒப்புதல் வராது, பில்லும் பிறக்காது. என் தப்பே இல்லாம மாசக் கணக்குல நிப்பேன். அதனால என் கையில இருக்கற ஒரு செயலோட பில்லைக் கட்டிப் போடணும். அவங்க மௌனத்துக்கும் ஒரு நாள் கெடு வெக்கணும்.

இது நான் கண்டுபிடிச்சதில்ல. 2006 எம்எஸ்எம்இ சட்டத்துலயே இருக்கு. வேலையைக் குடுத்து 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலன்னா, குடுத்த அன்னைக்கே ஏத்துக்கிட்டதா அர்த்தம். உத்யம் பதிவு இருந்தா அந்தச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும், udyamregistration.gov.in தளத்துல நீங்களே பண்ணலாம். அந்த எண்ணை பில்லுல போடுங்க. அப்போ வாங்கறவங்க பேசின தேதிக்குள்ள, எப்படிப் பேசினாலும் 45 நாளுக்கு மேல போகாம, பணம் தரணும். தவறினா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டி வீதத்துல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. அதோட, தாமதமா குடுத்த தொகையை அந்த வருஷச் செலவா வருமான வரியில காட்ட முடியாம போகலாம். இதை ஆடிட்டர்கள் நல்லாவே கவனிக்கறாங்க.

ஆனா வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடுங்க. பணம் வரலன்னதும் ஓடிப் போய் பதிவு எடுத்தா, பழைய பில்லுக்கு வாதாட வேண்டியிருக்கும். புகார் குடுத்தா 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. அதை நம்பி வாடகை கட்ட முடியாது. அட்வான்ஸுக்கு இது மாற்று இல்ல.

21,600 வந்துச்சு

ஒத்துக்கிட்ட மூணாவது நாள் அக்கவுண்ட்ல 21,600 வந்துச்சு. 2,400 குறையுது. இந்த இடத்துலதான் புதுசா வர்றவங்க சண்டை போட்டுடறாங்க. நானும் ஒரு காலத்துல போட்டிருக்கேன்.

அது டிடிஎஸ். பார்ட்னர்ஷிப் நிறுவனம் தொழில்முறைக் கட்டணம் குடுக்கும்போது, ஒரு வருஷத்துல 50,000க்கு மேல போனா 10% பிடிச்சு வருமான வரித் துறைக்குக் கட்டணும். அந்த 50,000 வரம்பு 2025 ஏப்ரல்லேர்ந்து. அட்வான்ஸா இருந்தாலும் பிடிக்கணும், ஏன்னா பில் போடறதோ பணம் குடுக்கறதோ எது முதல்ல வருதோ அப்பவே பிடிக்கணும்ங்கறது விதி. டிசைனை ஒப்பந்த வேலையா எடுத்துக்கிட்டு 1% பிடிக்கற ஆடிட்டரும் உண்டு. எதுவானாலும் அது என் பணம்தான். வருமான வரித் தளத்துல என் பான் எண்ணுக்குக் கீழ தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா திரும்ப வரும். அதனால ரசீதுல 21,600ன்னு எழுதக் கூடாது. 24,000ன்னு எழுதி, டிடிஎஸ் 2,400ன்னு தனியா காட்டணும்.

சிக்கல் முதல் பில்லுல வந்துச்சு. 16,200 வர வேண்டிய இடத்துல 15,000 வந்துச்சு. அவங்க கணக்கர் பில்லோட முழு மதிப்பு 30,000க்கு 10% பிடிச்சு 3,000 கழிச்சுட்டாரு. ஆனா அதுல 12,000க்கு அட்வான்ஸ்லயே பிடிச்சாச்சு. மிச்சம் 18,000க்கு மட்டும் 1,800 பிடிக்கணும். இப்படியே போனா மொத்தம் 8,400 பிடிச்சிருப்பாங்க, சரியானது 6,000. கண்டுபிடிக்க ஒரே வழி, எல்லா டிடிஎஸ்ஸையும் கூட்டி, பேசின மொத்தத்துல பத்துல ஒரு பங்கா இருக்கான்னு பாருங்க.

நான் அண்ணனுக்குப் போன் பண்ணல, கணக்கருக்குத்தான் பண்ணேன். "சார், அட்வான்ஸ் ரசீதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க"ன்னேன். பாத்தாரு. "ஆமாம்மா, ரெண்டு தடவை போயிருக்கு." அன்னைக்கு சாயங்காலமே 1,200 வந்துடுச்சு. ரசீது எண் பில்லுல இருந்ததால ரெண்டு நிமிஷத்துல முடிஞ்ச பேச்சு அது.

ரொக்கத்தைப் பத்தி ஒண்ணு. "திண்டிவனம் வந்தா கையில குடுத்துடறேன்"னு அண்ணன் முதல்ல சொன்னாரு. அது எனக்குச் சரிதான், அவருக்குத்தான் நஷ்டம். ஒருத்தருக்கு ஒரு நாள்ல 10,000க்கு மேல ரொக்கமா குடுத்தா, வியாபாரச் செலவா அதைக் கணக்குல காட்ட முடியாது. இதைச் சொன்னதும் அவரே அக்கவுண்ட் நம்பர் கேட்டாரு.

ஜிஎஸ்டி வரி ஏன் பிரிச்சு எழுதினேன்னா, இல்லன்னா கணக்கர் கண்டிப்பா கேப்பாரு. சேவைக்கு வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் பதிவு கட்டாயம் இல்ல. பாண்டிச்சேரி க்ளையன்டுக்கு வேலை பண்ணாலும் இதே வரம்புதான், மாநிலம் தாண்டிட்டோமேன்னு பயப்பட வேண்டாம். பதிவு இல்லாம வரின்னு ஒரு பைசா கூட வசூலிக்கக் கூடாது. பதிவு பண்ணிட்டீங்கன்னா கடிதமே மாறும்: சேவைக்கு அட்வான்ஸ் வந்த அன்னைக்கே வரி விழும், அதுக்குன்னு ரசீது வவுச்சர் போடணும். பொருள் விக்கறவங்களுக்கு 2017 நவம்பர்லேர்ந்து அட்வான்ஸ்ல அந்த வரி கிடையாது. அதனால எண்ணெய் வியாபாரி சொல்ற அனுபவத்தை அப்படியே எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது பில் பதினோராவது நாள் தீர்ந்துச்சு, 16,200, டிடிஎஸ் 1,800. அன்னைக்கே அச்சுக் கோப்புகளையும் உரிமை மாத்திக் குடுக்கற கடிதத்தையும் அனுப்பிட்டேன். அது கையெழுத்தோட எழுத்துல இருந்தாதான் செல்லும், வாய் வார்த்தை போதாது. இப்போ தீபாவளிக்கு அதிரசப் பாக்கெட் போடணுமாம். அண்ணன் அனுப்பின மெசேஜ்ல முதல் வரியே, "அச்சாரம் எவ்வளவும்மா?"